பெல்ஜிய உச்சரிப்பும் 200 ரிங்கிட்டும்

கேள்வி: மூன்று மாதமாக ஒருவரோடு பழகுகிறேன். தோழிகள் அவரைக் குறை சொல்கிறார்கள், எனக்கு எதுவும் தவறாகப் படவில்லை. என்னிடம் வாங்கிய 200 ரிங்கிட்டைச் சொன்ன வெள்ளிக்கிழமை தரவில்லைதான். ஆனால் வீட்டுச் செலவுக்குக் கொடுத்தாராம், நல்ல மனசு. என் கண்ணில்தான் கோளாறா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கண் நன்றாகத்தான் இருக்கிறது சகோதரி, கணக்குதான் உதைக்கிறது. சிரிப்புக்குக் கொடுத்த மதிப்பெண்ணைப் பண விஷயத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டீர்கள். உளவியலில் இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர்.

1977-இல் நிஸ்பெட், வில்சன் என்ற இருவர், பெல்ஜிய உச்சரிப்பில் ஆங்கிலம் பேசும் ஓர் ஆசிரியரின் காணொளியை அமெரிக்க மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒரு குழு பார்த்ததில் அவர் கனிவாகப் பேசினார், மற்றதில் கடுகடுவென்று. ஆளும் அவரே, உச்சரிப்பும் அதேதான். கனிவைப் பார்த்தவர்களில் பலருக்கு அந்த உச்சரிப்பு இனித்தது. மற்றவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், எரிச்சல்பட்டவர்கள் உச்சரிப்பு பிடிக்காததால்தான் ஆளையும் பிடிக்கவில்லை என்று நம்பினார்கள். உங்கள் ‘நல்ல மனசு’ம் இப்படிப் பின்னால் வந்து முன்வரிசையில் உட்கார்ந்ததுதான்.

வாரம் ஒரு சந்திப்பு என்றால் மூன்று மாதத்தில் நீங்கள் பார்த்தது பதின்மூன்று சாயங்காலம். அதுவும் அவர் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு நாசி கண்டார் கடைக்கு வந்த சாயங்காலங்கள். அவருடைய கோபம், காய்ச்சல் எதையும் நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காத இடத்தையெல்லாம் மனம் பார்த்த நல்லதைக் கொண்டே பூசிவிடும்.

அப்புறம் கேள்வியும் அந்தப் பக்கமே சாயும். “வீட்டில் ஏதாவது சிரமமா?” என்று நீங்களே எடுத்துக் கொடுத்திருப்பீர்கள், ஆமாம் என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்வார்? “பணம் என்ன ஆச்சு, எப்போது வரும்?” என்று கேட்டிருந்தால் பதில் எந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம். நம்பியதற்குத் தோதான விடை மட்டும் வரும்படி தேடுவதைத்தான் உறுதிப்படுத்தல் சார்பு என்கிறார்கள்.

அவர் அடுத்த வாக்குக் கொடுத்ததும், அந்த நாள் வருமுன்பே, கைப்பேசியில் மூன்று வரி குறித்து வையுங்கள்: என்ன சொன்னார், எந்தத் தேதி, நடக்காவிட்டால் அதற்கு நான் என்ன அர்த்தம் கொள்வேன். மூன்றாவது வரிதான் உயிர். நாள் கடந்தபின் எழுதினால் சமாதானமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஐந்தாறு சேர்ந்ததும் அவர் பெயரை எடுத்துவிட்டு, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் செய்ததாக வைத்துப் படியுங்கள். ஒரு முறை தவறியதில் எதுவும் தெரியாது. தவறும் ஒவ்வொரு முறையும் புதுக் காரணம் வந்தால், அதைக் கவனியுங்கள்.

தோழிகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். முதல் நாளே பிடிக்காமல் போனவர் தும்மினாலும் அவர்களுக்குக் குற்றம்தான். இணையரைக் கொஞ்சம் உயர்த்திப் பார்ப்பவர்கள் உறவில் நிறைவாக இருப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. அது குணத்தைப் பற்றிய பேச்சு, கைமாற்றுக்குப் பொருந்தாது.

முதல் குறிப்பை அந்த 200 ரிங்கிட்டிலிருந்தே தொடங்கலாம். இன்றைக்கே அவரிடம் ஒரு தேதி கேட்டு வாங்குங்கள்.