பாதி பாதியாகக் குறையும் தெரு

அன்புள்ள ஐயா,

ஓவிய வகுப்பில் ஒரு புள்ளிப் பெர்ஸ்பெக்டிவில் ஒரு தெருக் காட்சி வரையச் சொல்லியிருக்கிறார்கள். ஏ3 தாளை அகலவாக்கில் வைத்து, கண்மட்டக் கோடு போட்டு, அதன் நடுவில், தூரம் போகும் கோடுகளெல்லாம் போய்ச் சேரும் மறைபுள்ளியை வைத்தேன். இடது பக்கம் வரிசையாக விளக்குக் கம்பங்கள். முதல் கம்பம் மறைபுள்ளியிலிருந்து 18 செ.மீ. தள்ளி, 12 செ.மீ. உயரம். அதன் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் மறைபுள்ளிக்குக் கோடு இழுத்து அதற்குள்தான் மற்ற கம்பங்களை நிறுத்தினேன். இடைவெளி முதலில் 6 செ.மீ., அப்புறம் 3, அப்புறம் 1.5 என்று பாதி பாதியாகக் குறைத்தேன். எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டதுதான். ஆனாலும் ஆசிரியர், "தெரு ஒரு சுவரில் முட்டி நிற்கிறதே" என்கிறார். மறைபுள்ளியை நடுவில் வைத்ததுதான் தவறா? ஓரமாக வைக்கலாமா? வழிகாட்டிக் கோடுகளை அழித்துவிட வேண்டுமா, விட்டுவைக்கலாமா? எந்தப் பென்சில் நல்லது?

ர.

அன்புள்ள ர.,

பென்சிலை விடுங்கள். 2ஹெச் இருந்தால் போதும், இல்லாவிட்டால் கையில் இருப்பதை அழுத்தாமல் பிடியுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் கேட்ட கேள்வி அல்ல. போகிற போக்கில் சொன்ன ஒரு வரி. "பாதி பாதியாகக் குறைத்தேன்." சமீபத்தில் மாணவர்களின் ஓவியங்கள் ஒரு கட்டு பார்க்கக் கிடைத்தது. நிறையப் பேர் இதையேதான் செய்திருந்தார்கள். கோடுகள் எல்லாம் ஒழுங்காக மறைபுள்ளிக்குப் போகின்றன, கம்பங்கள் மட்டும் எங்கோ போய் அடைத்துக்கொள்கின்றன. ஏன் பாதி என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. தூரம் போகப் போக இடைவெளி குறையும், சரி. பாதியாகத்தான் குறையும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6, 3, 1.5, 0.75 என்று எத்தனை முறை பாதியாக்கிக் கூட்டினாலும் 12-ஐத் தாண்டாது. முதல் கம்பம் 18-ல் நிற்கிறது. அதாவது நீங்கள் ஆயிரம் கம்பம் நட்டாலும் ஒன்றுகூட மறைபுள்ளிக்கு 6 செ.மீ. அருகே வர முடியாது. சாலையின் விளிம்போ நேராக மறைபுள்ளி வரை ஓடுகிறது. சாலை போகிறது, கம்பங்கள் பாதி வழியில் மூச்சு முட்டி நின்றுவிடுகின்றன. உங்கள் ஆசிரியர் பார்த்த சுவர் அதுதான். அவர் கண் நல்ல கண்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால் உங்கள் முதல் மூன்று கம்பங்கள் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. முதல் இரண்டு எங்கே என்பது வரைகிறவரின் விருப்பம். 18-லும் 12-லும் வைத்தீர்கள். மூன்றாவது 9-ல் வர வேண்டும், வந்திருக்கிறது. அந்தத் தற்செயல்தான் உங்களை ஏமாற்றியது. நான்காவதை நீங்கள் 7.5-ல் வைத்தீர்கள், அது 7.2-ல் இருக்க வேண்டும். ஐந்தாவதை 6.75-ல் வைத்தீர்கள், அது 6-ல் இருக்க வேண்டும். ஆறாவது 5.1-க்குப் போயிருக்கும். உங்கள் கம்பங்களால் 6 என்ற எல்லையையே தொட முடியவில்லை.

இந்த எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள், வேறு தாளில் வேறு எண்கள் வரும். இவற்றை எந்தக் கணக்கும் இல்லாமல் ஒரு ஸ்கேலே கண்டுபிடித்துத் தரும். முதல் கம்பத்தின் உயரத்தில் சரிபாதியைக் குறியுங்கள். அங்கிருந்து மறைபுள்ளிக்கு ஒரு கோடு. ஏற்கெனவே உச்சிக் கோடும் அடிக் கோடும் இருக்கின்றன, இது மூன்றாவது. இந்த நடுக்கோடு இரண்டாவது கம்பத்தை அதன் பாதி உயரத்தில் வெட்டும். இப்போது முதல் கம்பத்தின் உச்சியில் ஸ்கேலை வைத்து, இரண்டாவது கம்பத்தின் நடுப்புள்ளி வழியாக நீட்டுங்கள். அந்தக் குறுக்குக் கோடு அடிக் கோட்டை எங்கே தொடுகிறதோ அங்கேதான் மூன்றாவது கம்பத்தின் அடி. அப்புறம் இரண்டாவதன் உச்சியிலிருந்து மூன்றாவதன் நடு வழியாக நீட்டினால் நான்காவது. அவ்வளவுதான்.

ஏன் இப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் செய்தால் இதுவும் இன்னொரு "பாதி பாதி" ஆகிவிடும். தெருவை விட்டுவிட்டு மூன்று கம்பங்களைப் பக்கவாட்டில், சம இடைவெளியில், சம உயரத்தில் வரைந்து பாருங்கள். முதலாவதன் உச்சியையும் மூன்றாவதன் அடியையும் இணைத்தால் அந்தக் கோடு இரண்டாவதைச் சரியாகப் பாதியில் வெட்டும். இது தெருவில் உள்ள உண்மை. நேர்கோடு பெர்ஸ்பெக்டிவில் வந்தாலும் நேர்கோடுதான். சாயலாம், குறுகலாம், வளையாது. நிற்கிற கம்பத்தின் நடு, படத்திலும் நடுதான். ஆகவே தெருவில் அந்த மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இருந்தால் தாளிலும் ஒரே கோட்டில் இருந்தே ஆக வேண்டும். உங்களுடைய இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கம்பங்களை எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள், கோடு நான்காவதன் அடிக்குப் போகாது. வேறு யாரும் வந்து திருத்த வேண்டியதில்லை.

எனக்கு வரையச் சொல்லித்தந்தவர் ஓவியத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது, இல்லை என்றெல்லாம் சொல்லமாட்டார். ஸ்கேலை எடுத்து ஒரு கம்பத்தின் உச்சியில் வைப்பார், அடுத்ததன் நடு வழியாக நீட்டுவார், கோடு விழுந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். அந்தக் குறி கம்பத்தின் அடியில் விழுந்தால் பிழைத்தோம். ஒரு பையன் அழகாக நிழலெல்லாம் தீட்டி முடித்துவிட்டுக் கொண்டுவந்தான். அவர் அதன் மேலேயே சிவப்புக் குறியைப் போட்டார். பையன் அழுதுவிட்டான். கொடுமைதான், இன்றைக்கு யாரும் அப்படிச் செய்யக் கூடாது. ஆனால் இடைவெளி சரிதானா என்று பார்க்காமல் நிழல் தீட்ட உட்கார்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கும் சிவப்புப் பேனா தேடத் தோன்றுகிறது.

நீங்கள் தனியாக இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். 1435-ல் இத்தாலியில் அல்பெர்த்தி ஓவியம் பற்றி ஒரு நூல் எழுதினார். பெர்ஸ்பெக்டிவ் முறையை எழுத்தில் விளக்கிய முதல் நூல் அதுதான். தரையில் பதித்த சதுரங்களை வரையும்போது சில ஓவியர்கள் ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டே போகிறார்கள், அது தவறு என்று அதில் சொல்கிறார். சோதிக்க அவர் தந்த வழியும் குறுக்குக் கோடுதான். சதுரங்களின் மூலைகள் வழியாக ஒரே நேர்கோடு ஓட வேண்டும், ஓடாவிட்டால் வரைந்தது தப்பு.

அப்படியானால் மூன்றில் இரண்டு பங்கு போட்டுப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும், எனக்குத் தெரியும். உங்கள் தாளில் 6, 4, 2.7 என்று போனால் கம்பங்கள் முட்டி நிற்காது, மறைபுள்ளி வரைக்கும் நெருங்கும். சுவர் போய்விடும். ஆனால் அந்தப் படத்தை நிஜத் தெருவாகத் திருப்பிக் கணக்கிட்டால் ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைப் போல ஒன்றரை மடங்காக நீண்டுகொண்டே போகிறது. நீங்கள் நட்டது சம இடைவெளிக் கம்பங்கள் அல்ல, யாரோ காசு தீரத் தீர எட்டி எட்டி நட்ட கம்பங்கள். இடைவெளி எப்போதும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. முதலில் வேகமாகக் குறையும், போகப் போக அந்தக் குறைதலே மெதுவாகும். சரியான இடைவெளிகளைப் பாருங்கள்: 6, 3, 1.8, 1.2. முதலில் பாதி, அடுத்தது பாதிக்குக் கொஞ்சம் மேல், அதற்கடுத்தது மூன்றில் இரண்டு. எந்த ஒற்றை விகிதத்தைப் பிடித்துக்கொண்டாலும் ஒரு இடத்தில் காலை வாரும். விதியே தெரியாமல் கண்ணை நம்பி வைத்திருந்தால்கூட நீங்கள் இதைவிட நன்றாக வைத்திருப்பீர்கள்.

குறுக்குக் கோட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒவ்வொரு கம்பமும் முந்தையதை நம்பி நிற்பதால் பென்சில் முனையின் தடிமன் அளவுப் பிசகுகூடச் சேர்ந்து சேர்ந்து பின்னால் பெரிதாகும். அதற்கு ஒன்று விட்டு ஒன்று பார்க்க வேண்டும். முதல் கம்பத்தின் உச்சியிலிருந்து மூன்றாவதன் நடு வழியாகப் போகும் கோடு ஐந்தாவதன் அடியில் விழ வேண்டும். உங்கள் தாளில் அது மறைபுள்ளியிலிருந்து 6 செ.மீ.யில், கம்பத்தின் உயரம் 4 செ.மீ. விழவில்லையென்றால் இடையில் எங்கோ நழுவியிருக்கிறது, திரும்பப் போங்கள்.

முதல் இடைவெளி உங்கள் விருப்பம் என்றேன். கம்பங்களுக்கு அது சரி, நடைபாதையில் சதுரக் கற்கள் வரைந்தால் அந்தச் சுதந்திரம் இல்லை. முன்னால் உள்ள ஒரு சதுரத்தின் மூலைவிட்டத்தைக் கண்மட்டக் கோடு வரை நீட்டுங்கள். அது தொடும் இடத்துக்கும் மறைபுள்ளிக்கும் உள்ள தூரம்தான் பார்ப்பவரின் கண் தாளிலிருந்து இருக்க வேண்டிய தூரம். அது 10 செ.மீ. வந்தால், தாளில் மூக்கை வைத்துப் பார்த்தால்தான் உங்கள் கற்கள் சதுரமாகத் தெரியும். வகுப்பில் கை நீட்டுகிற தூரத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அவை நீள நீளப் பலகைகளாகத் தெரியும். தூரம் 40 செ.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளி தாளுக்கு வெளியே மேசையில் விழும், விழட்டும். மேசையில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதன்மேல் குறித்துக்கொள்ளலாம்.

வழிகாட்டிக் கோடுகளை ஐந்தாவது கம்பம் சோதனையில் தேறும் வரை அழிக்கக் கூடாது. அதற்கப்புறம் உங்கள் இஷ்டம். டச்சு ஓவியர் வெர்மீரின் பல ஓவியங்களில் மறைபுள்ளி இருக்கும் இடத்தில் ஊசித்துளை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊசியில் நூல் கட்டிச் சுண்ணப்பொடி தடவி இழுத்துச் சுண்டினால் கோடு விழும், துடைத்தால் போய்விடும். உங்களுக்கு ரப்பர் இருக்கிறது.

மறைபுள்ளி நடுவில் இருக்கலாம், ஓரமாகவும் இருக்கலாம். ஓரமாக நகர்த்தினால் ஒரு பக்கச் சுவர் அகலமாகத் தெரியும், மறுபக்கம் ஒடுங்கும். அந்த அகலச் சுவரில் ஜன்னல்கள் வரிசையாக வரும் இல்லையா, அங்கேயும் பாதி பாதியாகக் குறைத்து அனுப்பினீர்கள் என்றால் எனக்கு மீண்டும் கடிதம் எழுத வேண்டாம். சுவரின் நான்கு மூலைகளையும் குறுக்காக இணையுங்கள், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் சுவரின் நடு. கதவை அங்கே வையுங்கள். ஸ்கேல் வைத்து அளந்து கண்டுபிடித்த நடுவில் வைத்தால் கதவு நம் பக்கம் தள்ளி நிற்கும்.

அன்புடன்