புரோமின் நீரில் டைபுரோமைடு ஏன் கலந்து வருகிறது?

கேள்வி: வளைய ஹெக்சீனை டைகுளோரோமீத்தேனில் கரைத்து புரோமின் சேர்த்தேன், டைபுரோமைடு சுத்தமாகக் கிடைத்தது. புரோமின் நீரில் செய்தால் புரோமோ ஆல்கஹால்தான் வரும் என்று நினைத்தேன். டைபுரோமைடும் கணிசமாகக் கலந்து வந்தது. எங்கே தவறு? இரண்டிலும் டிரான்ஸ் மட்டுமே கிடைப்பது எதனால்?

பதில்: எந்தக் கரைப்பானாக இருந்தாலும் முதல் படி ஒன்றுதான். Br₂ மூலக்கூறு இரட்டைப் பிணைப்பை நெருங்குகிறது. அருகிலிருக்கும் புரோமின் அணு பை எலக்ட்ரான்களை ஏற்கும்போதே தன் தனி இணை எலக்ட்ரான்களைக் கொடுத்து இரண்டு கார்பன்களையும் பிடித்துக்கொள்கிறது. மற்ற அணு Br⁻ ஆகப் பிரிந்து போகிறது. இப்படி உருவாகும் மூவணு வளையம்தான் புரோமோனியம் அயனி. 1937-இல் ராபர்ட்ஸும் கிம்பலும் முன்வைத்த கருத்து இது.

புரோமின் இப்போது வளையத்தின் மேல்பக்கத்தை மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வரும் கருக்கவர் பொருள், உடைய வேண்டிய C–Br பிணைப்புக்கு நேர் பின்னாலிருந்துதான், அதாவது கீழிருந்துதான், கார்பனைத் தாக்க முடியும். ஆகவே ஒரு தொகுதி மேலே, மற்றது கீழே. அதுதான் எதிர்ப்பக்கச் சேர்க்கை. இரண்டு கார்பன்களில் எதையும் சம வாய்ப்போடு தாக்கலாம் என்பதால் விளைபொருள் சுழிமாய்க் கலவையாக வரும்.

நாற்காலி வடிவம் வரையும்போது இங்கே பலர் தடுமாறுகிறார்கள். வினை முடிந்த கணத்தில் இரண்டு தொகுதிகளும் அச்சு நிலையில் நிற்கும். பிறகு வளையம் புரண்டு இரண்டும் பக்கவாட்டு நிலைக்கு வரும்போது, ஒரே பக்கம் இருப்பதுபோலத் தோன்றும். ஒவ்வொரு கார்பனிலும் ஹைட்ரஜன் எந்தப் பக்கம் என்று பார்த்தால் டிரான்ஸ் என்பது தெளிவாகிவிடும்.

கரைப்பான் தீர்மானிப்பது இரண்டாம் படியைத்தான். டைகுளோரோமீத்தேன் தாக்காது, அங்கே தாக்கக் கூடியது Br⁻ மட்டுமே. நீர் இருந்தால் லிட்டருக்கு சுமார் 55 மோல் H₂O சூழ்ந்து நிற்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் Br⁻ நீரைவிட வலிமையான கருக்கவர் பொருள். நீர் வெல்வது எண்ணிக்கையால்.

உங்கள் குடுவையில் அந்த எண்ணிக்கை இரண்டு விதங்களில் குறைந்திருக்கிறது. வளைய ஹெக்சீன் நீரில் கரையாது, தனி அடுக்காக மிதக்கும். புரோமினோ கரிம அடுக்கையே அதிகம் விரும்பும். இரண்டும் அங்கே சந்தித்தால் அந்த இடத்தில் நீர் மிகக் குறைவு. டைகுளோரோமீத்தேனில் நடந்ததே அங்கும் நடக்கிறது. இதுதான் முதன்மையான காரணமாக இருக்கும். அடுத்தது, ஒவ்வொரு புரோமோ ஆல்கஹால் மூலக்கூறும் உருவாகும்போது ஒரு HBr வெளியேறுகிறது. வினை போகப்போக Br⁻ பெருகி நீரோடு போட்டியிடுகிறது.

இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்ய, புரோமினுக்குப் பதில் என்-புரோமோசக்சினிமைடு பயன்படுத்துங்கள். வளைய ஹெக்சீன் 0.82 கிராம் (10 மில்லிமோல்) எடுத்து, 20 மி.லி. டெட்ராஹைட்ரோஃபியூரானும் 10 மி.லி. நீரும் சேர்ந்த கலவையில் கரையுங்கள். பனிக்கட்டித் தொட்டியில் வைத்து நன்றாகக் கலக்கியபடி, 1.96 கிராம் (11 மில்லிமோல்) என்-புரோமோசக்சினிமைடைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். டெட்ராஹைட்ரோஃபியூரான் ஆல்கீனையும் நீரையும் ஒரே அடுக்கில் வைத்திருக்கும். புரோமின் கொடுத்த பிறகு மிஞ்சுவது Br⁻ அல்ல, சக்சினிமைடு. வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒளி பட்டால் இரட்டைப் பிணைப்புக்கு அடுத்த கார்பனில் தனி உறுப்பு வழியாகப் புரோமின் ஏறிவிடும். என்-புரோமோசக்சினிமைடு வெள்ளையாக இருக்க வேண்டும். ஆரஞ்சு நிறமாகியிருந்தால் அதில் Br₂ இருக்கிறது, டைபுரோமைடு திரும்ப வந்துவிடும்.

இந்த எதிர்ப்பக்க விதிக்கு ஓர் எல்லை உண்டு. ஸ்டைரீன் போன்றவற்றில் பென்சீன் வளையம் பக்கத்துக் கார்பனின் நேர்மின்சுமையைத் தாங்குவதால், மூவணு வளையத்தின் ஒரு பிணைப்பு மிகவும் தளர்ந்துபோகலாம், திறந்தும் விடலாம். அப்போது தாக்குதல் இரண்டு பக்கத்திலிருந்தும் வர முடியும். எதிர்ப்பக்கச் சேர்க்கையின் விகிதம் குறையும்.

கிடைத்தது எது என்று நிறம் மறைவதை வைத்துச் சொல்ல முடியாது, இரண்டிலும் மறையும். அகச்சிவப்பு நிறமாலையில் 3400 cm⁻¹ அருகே அகன்ற O–H பட்டை தெரிந்தால் புரோமோ ஆல்கஹால் இருக்கிறது. டிரான்ஸ் வடிவம்தானா என்று அறிய, சிறு மாதிரியை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடோடு கலக்கலாம். O⁻ ஆனது C–Br பிணைப்பின் பின்புறத்திலேயே இருப்பதால் புரோமினைத் தள்ளிவிட்டு எப்பாக்சைடாக மூடிக்கொள்ளும். சிஸ் வடிவத்தால் அது முடியாது. இதே காரணத்தால்தான் விளைபொருளைக் கழுவும்போது சோடியம் பைகார்பனேட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வலிமையான காரத்தால் கழுவினால், தயாரித்த புரோமோ ஆல்கஹால் பிரிபுனலிலேயே எப்பாக்சைடாக மாறிப் போய்விடும்.