ஸ்கோர் ஷீட் இடிக்கிறதா? கேள்வி பதில்

எங்க மேட்ச்ல மொத்தம் 145. பேட்ஸ்மேன்கள் 131, வைடு 6, நோ பால் 2, பை 2, லெக் பை 4. பவுலர்கள் கொடுத்ததைக் கூட்டினா 141தான் வருது. நாலு ரன் எங்கே போச்சு?

நாலு குறையவில்லை, ரெண்டு கூடியிருக்கிறது. பையும் லெக் பையும் பவுலர் கணக்கில் ஏறாது. 145-இல் அந்த 6 போனால் பவுலர்களுக்கு 139தான் வர வேண்டும். கூடுதல் 2 உங்கள் பை எண்ணிக்கையே என்பதால் முதலில் அங்கே தேடுங்கள். பை விழுந்த ஓவரை எடுங்கள். அந்த ஓவரில் ஸ்கோர் 84-லிருந்து 91 ஆகியிருக்கிறது என்று வைப்போம். கட்டத்தில் முக்கோணத்துக்குள் 2 இருந்தால் பவுலருக்கு 5தான். அங்கே 7 என்று எழுதியிருந்தால் தவறு அதுதான். எக்ஸ்ட்ராவில் கை வைத்துக் கணக்கை நேராக்காதீர்கள்.

20 ஓவர்தான், ஆனா பேட்ஸ்மேன்கள் சந்திச்ச பந்து 122 வருதே?

சரிதான். நோ பால் ஓவரில் சேராது, ஆனால் பேட்ஸ்மேன் சந்தித்த பந்தில் சேரும். வைடு ரெண்டிலுமே சேராது. 120-உடன் உங்கள் நோ பால் 2. அம்பயர் தவறி ஏழு பந்து வீச விட்டிருந்தால் அந்த ஓவர் அப்படியே செல்லும், அப்போது ஒன்று கூடும்.

நோ பால்ல பேட்ல படாம ஓடின ரன்னும் நோ பால் கணக்குதான், பவுலருக்குத்தான். இருபது வருஷமா இப்படித்தான் எழுதுறேன்.

2017 வரை நீங்கள் சொன்னதுதான் விதி. அந்த அக்டோபரில் வந்த புதிய விதிப்படி நோ பாலுக்கு ஒரு ரன் மட்டும். ஓடியது பை அல்லது லெக் பை, பவுலருக்குக் கிடையாது.

எங்க லீக்ல யாரும் மாத்தலையே சார்?

அப்படியானால் நோ பால் ரன்னை வைத்து நோ பால் எத்தனை என்று சொல்ல முடியாது. ரெண்டே நோ பாலுக்கு 5 ரன் இருக்கலாம், மேலே சொன்ன 122 கணக்கும் இடிக்கும். ஷீட்டில் நோ பாலுக்குப் போட்ட வட்டங்களை எண்ணுங்கள். எந்த முறை என்பதை லீக் எழுத்தில் தர வேண்டும். அதை இங்கிருந்து நான் தீர்க்க முடியாது.

எக்செல்ல 3.4-ம் 3.4-ம் கூட்டினா 6.8 ஓவர்னு வருது.

பந்தாக மாற்றுங்கள். 22-ம் 22-ம் 44; அதாவது 7.2.

9 விக்கெட் விழுந்தது, பவுலர்களுக்கு 7தான்.

ரன் அவுட் ரெண்டா? அப்படியென்றால் சரி.

2 ரன் இடிக்குது, பையில சேர்த்துடலாமா?

கூடாது. முதல் பதிலைப் படியுங்கள்.

எல்லாம் டேலி ஆகுது, ஆனா நான் அடிச்ச பவுண்டரி என் பார்ட்னர் பேர்ல இருக்கு.

கூட்டலில் இது மாட்டாது, ஏனென்றால் எந்த மொத்தமும் மாறவில்லை. அந்த ஓவரின் முதல் பந்தில் யார் ஸ்ட்ரைக் என்று பிடித்து, ஒற்றைப்படை ரன் ஓடிய இடங்களில் ஆளை மாற்றிக்கொண்டே வாருங்கள். நடுவில் ரன் அவுட் ஆகியிருந்தால் பேட்ஸ்மேன்கள் கடந்தார்களா என்று ஷீட்டில் இருக்காது. அங்கே அம்பயரைத்தான் கேட்க வேண்டும்.