31-ஆவது நிமிடத்தில் என்ன ஆகும்? அசைன்மென்ட் கேள்வி-பதில்

"கார்ப்பேட்டைக் கட்டணத்தைக் கணக்கிடும் நிரல் எழுதுக. முதல் 10 நிமிடம் இலவசம். பிறகு அரை மணிக்கு 60 காசு." தாளில் இவ்வளவுதான். எங்கே தொடங்குவது?
– போலிடெக்னிக் மாணவி, உட்லண்ட்ஸ்

கணினியை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். கேள்வியில் வரும் ஒவ்வொரு எண்ணிலும் நின்று, "சரியாக இவ்வளவு என்றால்? ஒன்று கூடினால்?" என்று கேளுங்கள். சரியாக 10 நிமிடம் என்றால் இலவசமா? 11 நிமிடத்துக்கே முழு 60 காசா? இரண்டுக்கும் 'ஆம்' என்று வைத்துக்கொள்வோம்.

உண்மையான சிக்கல் "பிறகு" என்ற சொல்லில் இருக்கிறது. 10 நிமிடம் தாண்டியதும் கட்டணம் நுழைந்த நேரத்திலிருந்து ஓடுமா, அந்த 10 நிமிடத்தைக் கழித்துவிட்டு ஓடுமா? இரண்டு விதமாகவும் கையால் கணக்குப் போடுங்கள்:

```
நிமிடம் | நுழைவிலிருந்து | 10 கழித்து
10      | 0.00           | 0.00
11      | 0.60           | 0.60
30      | 0.60           | 0.60
31      | 1.20           | 0.60
41      | 1.20           | 1.20
```

11, 30, 41 மூன்றிலும் இரண்டு கணக்குக்கும் விடை ஒன்றே. அவற்றை மட்டும் சோதித்தால் தவறான பொருளில் எழுதிய நிரலும் தேறிவிடும். முதல் ஒரு மணி நேரத்துக்குள், 31 முதல் 40 நிமிடம் வரைதான் குட்டு வெளிப்படும். மாதிரி உள்ளீட்டை அங்கிருந்து எடுங்கள்.

விரிவுரையாளரிடம் கேட்டேன். "கேள்வியை நன்றாகப் படி" என்றார்.
– ஜூரோங் வாசகர்

"கேள்வி புரியவில்லை" என்று கேட்டால் அப்படித்தான் பதில் வரும். "31 நிமிடம் நின்ற வண்டிக்கு 0.60-ஆ, 1.20-ஆ?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஒரே எண்ணில் பதில் சொல்லிவிடலாம். பதில் வராவிட்டால், நிஜக் கார்ப்பேட்டையின் வழக்கத்தை விட்டுவிட்டுத் தாளில் உள்ள சொற்களைப் பின்பற்றுங்கள். "முதல் 10 நிமிடம் இலவசம்" என்றால் கழிப்பதுதான் நேர்ப்பொருள். அதை ஓர் அனுமானமாக நிரலின் முதல் வரிகளிலேயே எழுதிவிடுங்கள், 31 நிமிட உதாரணத்தோடு.

தாளிலிருந்த மாதிரி உள்ளீடு ஒன்றுதான்: நுழைவு 0900, வெளியேற்றம் 0930. மகனின் நிரல் அதற்குச் சரியாக 0.60 காட்டியது. ஆனாலும் பாதி மதிப்பெண்தான்.
– ஈசூனிலிருந்து ஒரு தாய்

அந்த மாதிரி உள்ளீடு ஒரே மணிக்குள் முடிந்துவிடுகிறது. நேரங்களை வெறும் எண்களாகக் கழித்தாலும் 30 வந்துவிடும். 0859-க்கு நுழைந்து 0931-க்கு வெளியேறினால் 32 நிமிடம், ஆனால் 931 − 859 = 72. மகனிடம் இதையும், நள்ளிரவைத் தாண்டும் 2350, 0020 என்பதையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 0.60 வர வேண்டும் (10 கழிக்கும் கணக்கில்).

அப்புறம், விடையின் வடிவத்தையும் பாருங்கள். மாதிரியில் 0.60 என்று இருக்க, நிரல் 0.6 என்று அச்சிட்டால் தானியங்கித் திருத்தி அதைத் தவறென்றே எடுத்துக்கொள்ளக்கூடும். பைத்தானில் `0.6 * 3` என்பது `1.7999999999999998` என்று வரும். அதனால் கணக்கை முழுவதும் காசில் வைத்து, அச்சிடும்போது மட்டும் வெள்ளிக்கு மாற்றச் சொல்லுங்கள்.