சனிக்கிழமை என்று அனுப்பிவிட்டேன், ஞாயிறுதான் பயணம்

"கொம்தாரிலிருந்து பத்துமலைக்குப் பேருந்து சனிக்கிழமை காலை 5 மணிக்கு என்று 280 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். உண்மையில் ஞாயிறு. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அழித்துவிடவா?"

அழிக்காதீர்கள் ஐயா. படித்தவர்கள் மனத்தில் சனி அப்படியே இருக்கும், வேறு குழுக்களுக்குப் போன நகலும் அழியாது. திருத்தும் வசதியும் 15 நிமிடத்தோடு முடிந்துவிட்டது.

பழைய செய்திக்கே பதிலாக, தனியே படித்தாலும் புரியும்படி முழுதாக எழுதுங்கள்:

"திருத்தம்: பத்துமலைப் பேருந்து ஞாயிறு, 15ஆம் தேதி, காலை 5 மணிக்குக் கொம்தாரில் புறப்படும். நாள் மட்டுமே மாறியது. நேரமும் இடமும் அதேதான். முந்தைய செய்தியைப் பகிர்ந்தவர்கள் இதையும் அங்கே அனுப்புங்கள்."

நான் ஒருமுறை "சனி இல்லை, ஞாயிறு" என்று மட்டும் போட்டேன். அது தனியாகச் சுற்றியதும், எந்தப் பயணம், நேரமும் மாறியதா என்று இரவு முழுக்க அழைப்புகள்.

அனுப்புமுன் இன்னொருவரிடம் காட்டுங்கள். இரண்டாவது திருத்தம் வந்தால் எதை நம்புவது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் அதைக் குழுவின் மேலே பின் செய்துவிட்டு, பழைய செய்திக்குச் "சரி" போட்டவர்களில் திருத்தத்துக்குப் பதில் தராதவர்களை மட்டும் போனில் கூப்பிடுங்கள். சனி விடியற்காலையில் கொம்தாரில் வந்து நிற்கப்போவது அவர்கள்தான்.