நெட் கர்ட்டன் சாம்பல் பூத்தால்

கேள்வி: எங்கள் வீடு பேருந்துச் சாலையை ஒட்டி இருக்கிறது. வெள்ளை பாலியஸ்டர் நெட் கர்ட்டன்களை மற்றத் துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டேன். சாம்பல் நிறமாகிவிட்டன. கீழே தைத்திருந்த பருத்தி லேஸ் ஓரிடத்தில் கிழிந்து, மற்றோரிடத்தில் இழுபட்டுத் தொங்குகிறது. குளோரின் பிளீச் ஊற்றினால் வெளுக்குமா?

பதில்: ஊற்ற வேண்டாம். குளோரின் பருத்தி லேஸின் நூலை நலியச் செய்யும். போர்வெல் தண்ணீரில் இரும்பு இருந்தால் அதைத் துருவாக்கித் துணியில் மஞ்சளாகப் படியவைக்கும்.

பாலியஸ்டர் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, ஆனால் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்ளும். வாகனப் புகைக்கரியில் அந்தப் பசை உண்டு. மெஷினில் நேராகப் போட்டால், தண்ணீரில் கலந்த கரியும் பிற துணிகளின் அழுக்கும் மீண்டும் வலையிலேயே ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே கர்ட்டனைக் கழற்றியதும் நன்றாக உதறி, கொக்கிகளையும் வளையங்களையும் எடுத்துவிட்டு (கிழிசலுக்குப் பெரும்பாலும் இவையே காரணம்), பெரிய பக்கெட்டில் வெறும் குளிர்ந்த தண்ணீரில் தனியாக அரை மணி நேரம் ஊறவையுங்கள். முதல் தண்ணீர் கருந்தேநீர் போல இறங்கும். அதைக் கொட்டிவிட்டு, தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். இந்தப் படியைத் தவிர்க்கும்போதுதான் வெள்ளை போகிறது.

பிறகு 40 டிகிரிக்கு மேற்படாத வெதுவெதுப்பான தண்ணீரில் டிடர்ஜென்ட்டையும், ஆக்சிஜன் பிளீச் பொடியைப் பொட்டலத்தில் சொன்ன அளவிலும் கரைத்து, ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கைகளால் அழுத்தி அழுத்தி எடுங்கள். தேய்க்கவோ முறுக்கவோ கூடாது. கடின நீரில் சோப்புக்கட்டி வேண்டாம், அது சுண்ணாம்போடு சேர்ந்து பிசுக்காகப் படியும். மெஷின்தான் வசதி என்றால், பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, டிரம் பாதி காலியாக இருக்க, மென்மையான சுழற்சியில் ஓட்டுங்கள். ஸ்பின்னை மிகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். வெகுநாளாக வெயிலில் தொங்கிய வலையானால், ஓரத்தில் சிறு பகுதியை மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை விட்டால், எந்த முறையில் துவைத்தாலும் கிழியும்.

வலை மட்டுமானால் சொட்டுவது நின்றதும் கம்பியிலேயே மாட்டலாம். தன் எடையாலேயே சுருக்கம் நீங்கும். உங்கள் லேஸ் பருத்தி. நீர் குடித்துக் கனக்கும் ஈர லேஸைத் தொங்கவிட்டதால்தான் இழுபட்டிருக்கும். இனிமேல் லேஸ் பகுதியைத் துண்டில் சுருட்டி ஒற்றி, பரப்பி உலர்த்திய பிறகு மாட்டுங்கள். இழுபட்ட இடத்தை நனைத்து, துண்டின் மேல் விரித்து, விரலால் பழைய வடிவத்துக்குத் தள்ளி, துருப்பிடிக்காத குண்டூசிகளால் நிறுத்தி உலரவிட்டால் பெரும்பாலும் சீராகும்.

புதிதாகத் தைப்பதானால் பாலியஸ்டர் லேஸையே கேட்டு வாங்குங்கள். பருத்தி லேஸ்தான் வேண்டும் என்றால், தைக்கும் முன்பே ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் நனைத்து உலர்த்திக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவையலில் லேஸ் சுருங்கி, சுருங்காத வலையின் அடி ஓரம் கொசுவம் போட்டு நிற்கும்.