மாறுதலில் போகும் டீச்சருக்குப் பரிசு கொடுக்கும்போது பேச ஒரு சிறிய உரை

கேள்வி: எங்க ஸ்கூல் கணக்கு டீச்சருக்குக் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கமே இடம் கிடைச்சிருக்கு. ஸ்டாஃப் எல்லாரும் சேர்ந்து கைக்கடிகாரம் வாங்கியிருக்கோம். அதைக் கொடுக்கும்போது ரெண்டு நிமிஷம் நான்தான் பேசணும். எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சவங்க. என்ன பேசலாம்?

பதில்:

அவர் கேட்டு வாங்கிய மாறுதல் இது என்பதை முதலில் மனதில் வையுங்கள். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு', 'பள்ளியே இருண்டுவிட்டது' என்றெல்லாம் பேசினால் இரங்கல் கூட்டம் மாதிரி ஆகிவிடும். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் இருப்பவர் குற்றவுணர்வோடு உட்கார்ந்திருப்பார். 'உங்களுக்கு நல்லது நடந்திருக்கிறது, எங்களுக்குத்தான் கஷ்டம்' என்ற தொனி போதும்.

நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் 100 சொற்கள்வரைதான் போகும். ஆகவே 120 சொற்களுக்குள் எழுதுங்கள். மிச்ச நேரத்தைக் கைதட்டலும் போட்டோவும் எடுத்துக்கொள்ளும். வரிசையாக 'அவர்களே, அவர்களே' என்று விளித்தால் அதிலேயே அரை நிமிடம் போய்விடும். தலைமையாசிரியரை மட்டும் விளித்துவிட்டு நேராக டீச்சர் பக்கம் திரும்புங்கள்.

அன்பானவர், பண்பானவர், கடமை தவறாதவர் என்ற அடைமொழிகளை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம், அதனால்தான் அவை யார் மனதிலும் நிற்பதில்லை. அவரைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாத ஒரே ஒரு வழக்கத்தைப் பிடியுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் ஸ்டாஃப் ரூமில் நாலு பேரிடம், "அவங்க போனப்புறம் திங்கட்கிழமை காலைல எது இருக்காது?" என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னால் அதுதான் உங்கள் உரை. அந்த வழக்கத்திலிருந்தே பரிசுக்கு வந்துவிட முடிந்தால் இன்னும் நல்லது.

உதாரணத்துக்கு, சாயங்காலம் எல்லோருக்கும் பஸ் நேரத்தை ஞாபகப்படுத்துகிறவர் அவர் என்று வைத்துக்கொள்வோம்:

> தலைமையாசிரியர் அவர்களுக்கும் எல்லாருக்கும் வணக்கம்.
>
> டீச்சர், நம்ம ஸ்டாஃப் ரூம்ல சுவர்க் கடிகாரம் நின்னு எத்தனை மாசமாச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஏன்னா யாரும் அதைப் பார்க்கிறதே இல்லை. "நாலு அம்பது பஸ் போயிடும், எழுந்திரிங்க"ன்னு நீங்க சொன்னா கிளம்புவோம். ஆனா நீங்க அந்த பஸ்ஸுல போய் நாங்க பார்த்ததில்லை. வடிவியல் வரலைன்னு நிக்கிற பிள்ளைங்களோட வராண்டாவுல உக்காந்துட்டு, அடுத்த பஸ்ஸுலதான் போவீங்க.
>
> இனிமே உங்க ஊர்லயே வேலை. பஸ்ஸுக்காக ஓட வேண்டாம். அதுல எங்க எல்லாருக்கும் சந்தோஷம். எங்களுக்கு நேரம் சொன்ன உங்களுக்கு, நாங்க எல்லாரும் சேர்ந்து ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருக்கோம். இதைக் கட்டிக்கிட்டு, இனிமேலாவது நேரத்தோட வீட்டுக்குப் போங்க. போயிட்டு வாங்க டீச்சர்.

உரையிலேயே பரிசு என்னவென்று சொல்லிவிட்டதைக் கவனியுங்கள். மேடையில் பொட்டலத்தைப் பிரிக்கிற பழக்கம் நம்மிடம் அவ்வளவாக இல்லை. சொல்லாமல் கொடுத்தால் உள்ளே என்ன என்று பின்வரிசை கிசுகிசுக்கும். யாராவது "பிரிங்க டீச்சர்" என்று குரல் கொடுத்தால் அவர் செலோ டேப்போடு போராட வேண்டியதுதான். விலையையும் யார் யார் பணம் போட்டார்கள் என்பதையும் மட்டும் சொல்லவே கூடாது. பட்டியல் வாசித்தால் ஒரு பெயர் நிச்சயம் விட்டுப்போகும், அது பெரும்பாலும் அலுவலக உதவியாளர் பெயராகத்தான் இருக்கும். வாழ்த்து அட்டையில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. 'ஏதோ எங்களால் முடிந்த சிறு பரிசு' என்று குறைத்துப் பேசுவதும் வேண்டாம், பணம் போட்டவர்களுக்கு அது உறுத்தும்.

'இவர் மாதிரி யாரும் பாடம் நடத்த முடியாது' என்ற வரி ஆபத்தானது. இன்னொரு கணக்கு ஆசிரியர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். மாறுதல் கேட்டதற்கான குடும்பக் காரணத்தை அவரே பொதுவில் சொல்லாதவரை நீங்களும் தொடாதீர்கள்.

பேசுகிறவரே பரிசையும் கொடுத்தால் ஒரு கையில் மைக், ஒரு கையில் தாள், பொட்டலத்தைக் கொடுக்க மூன்றாவது கை இருக்காது. மூத்த ஆசிரியை ஒருவர் பரிசோடு பக்கத்தில் நிற்கட்டும். 'போயிட்டு வாங்க' என்றதும் அவர் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதலிலேயே கொடுத்துவிட்டால் டீச்சர் அதைச் சுமந்துகொண்டே முழு உரையையும் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த உரையில் குரல் உடையக்கூடிய இடம் வராண்டா வரி. அதற்கு முன் நிறுத்தி மூச்சு வாங்குங்கள். அப்படியும் தொண்டை அடைத்தால் மீதியை விட்டுவிட்டுக் கடைசி இரண்டு வாக்கியத்துக்குப் போய்விடலாம். அந்த இரண்டையும் மட்டுமாவது மனப்பாடம் செய்துவிடுங்கள்.

நிகழ்ச்சியை விடுவிப்பு நாளின் கடைசி மணி நேரத்தில் வைக்காதீர்கள். பதிவேடுகளை ஒப்படைக்கிற அவசரத்தில் அவர் காதில் எதுவும் விழாது. முந்தைய நாள் மதிய இடைவேளை வசதி.